'-ப்படும்' என்றால் யாரால்? மாத்தளையில் ஓர் ஆய்வுச் சுருக்கத்தை எளிய தமிழில் எழுதுதல்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், நக்கிள்ஸ் மலைகளைத் தாண்டிக் கீழே இறங்கினால் வில்கமுவ வரும். வயலும் சேனையும் வீட்டுக்கொரு கிணறுமாக இருக்கிற உலர் வலயம் அது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வட மத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட பிறகு, அதே நோய் அதிகம் உள்ள இடங்களின் பட்டியலில் வில்கமுவவும் சேர்ந்தது. நோயாளிகளுக்கு நீரிழிவு இல்லை, நெடுநாள் இரத்த அழுத்தமும் இல்லை. ஆனாலும் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் இலங்கை சுகாதார அமைச்சும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. அதன் பின் நோயின் வேகத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளக்கும் 'கிட்னி புரோகிரஷன் புரொஜெக்ட்' என்ற ஆய்வு வில்கமுவவிலேயே நடந்தது. கட்மியம், ஆர்சனிக், புளோரைடு கலந்த கடின நீர், பூச்சிமருந்து, வெயிலில் உடல் நீர் வற்றுதல் என்று ஒவ்வொரு கருதுகோளோடும் ஒரு குழு வந்திருக்கிறது. ஒவ்வொரு குழுவும் இரத்தம், சிறுநீர், கிணற்று நீர் என்று எடுத்துச் சென்றிருக்கிறது.

இப்படி வரும் ஒவ்வொரு ஆய்வும் முதலில் ஒரு நெறிமுறை மீளாய்வுக் குழுவின் மேசைக்குப் போக வேண்டும். பேராதனை, கொழும்பு, களனி, யாழ்ப்பாணம் முதலிய மருத்துவ பீடங்களில் இந்தக் குழுக்கள் இருக்கின்றன. விண்ணப்பம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பங்கேற்பவருக்கான தகவல் தாளையும் சம்மதப் படிவத்தையும் சிங்களத்திலும் தமிழிலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தின் தொடக்கத்தில், துறை சாராதவருக்கும் விளங்கும்படி ஒரு சுருக்கம் கேட்பார்கள். குழுவில் மருத்துவர் அல்லாதவர்களும் இருப்பார்கள். ஒரு சட்டத்தரணியோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ மதத் தலைவரோ அந்த ஒரு பக்கத்தை வைத்தே கேள்வி கேட்பார். ஆனால் அந்தப் பக்கத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தமிழ்த் தகவல் தாளை எழுத உட்காருபவர் பெரும்பாலும் நூறு பக்க ஆய்வுத் திட்டத்தைப் படிப்பதில்லை. சுருக்கத்தைப் பார்த்தே எழுதுகிறார். சுருக்கத்தில் மங்கலாக இருப்பது தோட்டத்து லயத்தில் இன்னும் மங்கலாகத்தான் போய்ச் சேரும்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு பக்கத்தைப் பற்றியது. குறிப்பாக, அதில் சம்மதம், ஆபத்து, தரவுப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் எப்படி எழுதப்படுகின்றன, எங்கே பிழைக்கின்றன என்பது பற்றியது.

கையில் ஒன்று இருந்தால் பேச வசதி. ஆகவே ஓர் ஆய்வை அமைத்துக்கொள்கிறேன். இது நடந்த ஆய்வு அல்ல, ஆனால் நடக்கக்கூடியது. வில்கமுவ விவசாயிகள் 150 பேரையும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இந்த நோய் அதிகம் இல்லாத ரத்தோட்டை, எல்கடுவ பக்கத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 150 பேரையும் ஓர் ஆய்வுக் குழு சேர்க்கிறது. ஒவ்வொருவரிடமும் 5 மில்லிலீட்டர் இரத்தமும் காலைச் சிறுநீரும் எடுக்கிறார்கள். நாற்பது நிமிடம் கேள்வி கேட்கிறார்கள். குடிநீர் எடுக்கும் இடத்தை ஜீபிஎஸ் கருவியில் குறிக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து இரத்தமும் சிறுநீரும் மறுபடி எடுப்பார்கள். மிஞ்சும் இரத்தத்தை உறைநிலையில் வைத்து, உலோகங்களை அளக்க அதில் ஒரு பகுதியை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள்.

இதற்கு வழக்கமாக எழுதப்படும் சுருக்கத்தின் தமிழ் வடிவம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: "பங்கேற்பாளர்களிடமிருந்து தகவலறிந்த சம்மதம் பெறப்படும். இவ்வாய்வினால் குறைந்தபட்ச ஆபத்தே ஏற்படும். சேகரிக்கப்படும் தரவுகள் அநாமதேயமாக்கப்பட்டு இரகசியமாகப் பேணப்படும்."

இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் மூன்று வாக்கியத்திலும் ஓர் ஆள் கூட இல்லை. சம்மதத்தை யார் பெறுவார்? எங்கே வைத்து? யார் எதிரில்? ஆபத்து யாருக்கு? தரவு யார் அலமாரியில்? தமிழில் 'படு' என்ற துணைவினை செய்பவரை மறைக்க மிக வசதியானது. அலுவலகக் கடிதங்களில் அது நம் கைக்குப் பழகிப்போய்விட்டது. சுருக்கம் எழுதுபவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை, '-ப்படும்' என்று முடியும் ஒவ்வொரு வினையின் கீழும் கோடு போட்டு, பக்கத்தில் 'யார்?' என்று எழுதுவது. பாதி இடத்தில் பதில் உடனே வரும். மறுபாதியில் வராது. வராத இடம் மொழிப் பிழை அல்ல. அந்த வேலையை யார் செய்வது என்று குழு இன்னும் முடிவெடுக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். எளிய மொழி முதலில் உதவுவது ஆய்வாளருக்குத்தான். தன் திட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அது அவருக்குக் காட்டிக்கொடுக்கிறது.

முதலில் சம்மதம்.

தோட்டத்தில் சம்மதம் என்பது ஒரே கதவு அல்ல. உள்ளே நுழையவே தோட்டத் துரையின் அனுமதி வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளரின் ஒத்துழைப்பு வேண்டும். தொழிற்சங்கத் தலைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் முடியாது. இவையெல்லாம் நுழைவதற்கான அனுமதிகள். எதுவும் ஒரு தொழிலாளியின் சம்மதம் ஆகாது. சுருக்கத்தில் 'தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்துடன்' என்று ஒரு வரி வந்துவிட்டால், படிக்கிற குழுவுக்கும் பின்னால் களத்துக்குப் போகிறவருக்கும் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். பிரட்டுக் களத்தில் கங்காணி நின்று "எல்லாரும் டொக்டரப் பாத்துட்டுப் போங்க" என்று சொன்ன பிறகு ஒரு பெண் "எனக்கு வேண்டாம்" என்று சொல்வது எளிதல்ல. ஆகவே சுருக்கம் இடத்தையும் நேரத்தையும் ஆளையும் சொல்ல வேண்டும். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, தோட்ட அலுவலகத்திலோ பிரட்டுக் களத்திலோ அல்லாமல், பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், தமிழ் பேசும் பெண் ஆய்வு உதவியாளர் ஒருவர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார் என்று எழுதலாம். யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்பதைத் துரையிடமோ கணக்கப்பிள்ளையிடமோ சொல்ல மாட்டோம் என்றும் எழுத வேண்டும். இந்தக் கடைசி வரி இருந்தால்தான், மறுத்தவர் பெயரும் சேர்ந்தவர் பெயரும் ஒரே தாளில் அலுவலக மேசை மேல் கிடக்கக் கூடாது என்பது களத்துக்குப் போகிறவர் நினைவில் நிற்கும்.

கையெழுத்து இன்னொரு முடிச்சு. மலையகத்தில் தாளில் பெயர் ஏறுவதற்கும் பெருவிரல் பதிப்பதற்கும் ஒரு நீண்ட நினைவு உண்டு. கடன் தீர்ந்தால்தான் ஆளை விடுவேன் என்று தோட்டத் துரை எழுதிக்கொடுத்த 'துண்டு' முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தாளில் பட்ட பெயர் ஒரு கடனைக் குறிக்கும் என்ற எச்சரிக்கை வீட்டுப் பேச்சில் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் இரண்டு பக்கத் தாளில் விரலைப் பதிக்கச் சொல்வதால் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. பாதுகாப்பு ஆய்வாளருக்குத்தான் கிடைக்கிறது. வாய்மொழிச் சம்மதத்தை, ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சியின் முன் பெறுவதற்குச் சர்வதேச வழிகாட்டிகள் இடம் தருகின்றன. அது வேண்டுமானால் சுருக்கத்திலேயே காரணத்தோடு கேட்க வேண்டும். சாட்சி யார் என்றும் சொல்ல வேண்டும். தோட்ட உத்தியோகத்தர் சாட்சியாக நின்றால், மூடிய கதவை நாமே திறந்துவிட்டதாகிவிடும்.

இனிச் சொற்கள். இங்கேதான் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 'பரிசோதனை' என்றால் ஆய்வுகூடச் சோதனை என்றும் பொருள், வைத்தியர் நோய் பார்ப்பது என்றும் பொருள். தோட்டத்துப் பெண்ணின் காதில் இரண்டாவதுதான் விழும். 'ஆய்வு' என்றால் கணக்காய்வு போல ஏதோ கச்சேரிக் காரியம். நாம் 'சிறுநீரகப் பரிசோதனை ஆய்வு' என்று எழுதினால் அவர் 'கிட்னி கிளினிக்' என்று கேட்கிறார். ஆராய்ச்சியைச் சிகிச்சை என்று நினைத்துச் சேர்வது உலகெங்கும் உண்டு. 1982இலேயே அமெரிக்க மனநல மருத்துவர் பால் அப்பல்போமும் அவருடைய சகாக்களும் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் அந்த மயக்கத்துக்குச் சொல்லே துணை போகிறது. விளங்கியதா என்று கேட்டால் தலை ஆடும். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் தெரியும்.

"அம்மா, நான் சொன்னதுல என்ன விளங்குச்சு? வீட்டுக்குப் போய் அண்ணன்கிட்ட எப்பிடிச் சொல்லுவீங்க?"

"ரத்தம் எடுத்துப் பாக்குறாங்க. கிட்னிக்கு மருந்து தருவாங்கன்னு சொல்லுவேன் புள்ள."

இந்தப் பதில் வந்தால் சம்மதம் வரவில்லை என்று பொருள். மறுபடி சொல்ல வேண்டும்: "மருந்து தர மாட்டோம் அம்மா. இந்த வருத்தம் ஏன் வருதுன்னு கண்டுபிடிக்கப் பாக்குறோம். அங்க வில்கமுவக்காரங்களுக்கு வருது, இங்க வாறது குறைவு. ரெண்டு பக்கத்து ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பாக்கணும். அதுக்குத்தான் உங்ககிட்ட கேக்குறோம். இதுல உங்களுக்கு நேரா ஒரு லாபமும் இல்ல." இரண்டாம் முறை அவர் தம் சொல்லில் திருப்பிச் சொல்லிய பிறகு வரும் 'சரி'தான் சரி. சுருக்கத்தில் இதற்கு இரண்டு வரி போதும். எந்த மூன்று விஷயங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வோம், பிழையானால் எத்தனை முறை விளக்குவோம், அப்போதும் விளங்காவிட்டால் சேர்க்க மாட்டோம். திருப்பிச் சொல்லச் சொல்லும் மூன்று விஷயங்களில் முதலாவது எப்போதும் 'இது சிகிச்சை அல்ல' என்பதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இலங்கைப் பாடநூல் தமிழில் 'எழுமாற்று மாதிரி' என்று ஒரு சொல் உண்டு. உயர்தரத்தில் புள்ளிவிபரம் படித்தவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. 'சீட்டுக் குலுக்கிப் போட்டதில் உங்கள் பெயர் வந்தது' என்றால் போதும். மருந்துச் சோதனை ஆய்வுகளில் 'போலி மருந்து' என்று எழுதுகிறார்கள். கடையில் விற்கும் கள்ள மருந்து என்றுதான் கேட்பவர் நினைப்பார். 'மருந்து போலவே இருக்கும், ஆனால் உள்ளே மருந்து இல்லாத குளிசை' என்பது நீளம்தான். ஆனால் பொய் இல்லை. பெயர்த்ததை வேறொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்துச் சரிபார்ப்பது குழுக்கள் கேட்கும் வழக்கமான முறை. அதற்கும் ஓர் எல்லை உண்டு. 'எழுமாற்று' அழகாகத் திரும்பப் பெயர்ந்து வரும். இரண்டு மொழிபெயர்ப்பாளருக்கும் அந்தச் சொல் தெரியும். தெரியாதவர் லயத்தில் இருக்கிறார்.

அடுத்தது ஆபத்து. 'குறைந்தபட்ச ஆபத்து' என்பது குழுவுக்கான வகைப்பாடு. எவ்வளவு விரைவாக, எத்தனை பேர் சேர்ந்து மீளாய்வு செய்ய வேண்டும் என்று தீர்மானிக்க அது உதவும். பங்கேற்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை. ஊசி குத்துவதைச் சொல்வது எளிது. 5 மில்லிலீட்டர் என்றால் ஒரு தேக்கரண்டி. குத்திய இடத்தில் வலிக்கும், சிலருக்கு நீலம் பாயும், ஒரு சிலருக்குத் தலை சுற்றும், அதற்காக உட்கார வைத்து எடுப்போம், தேநீரும் பிஸ்கட்டும் தருவோம். பெரும்பாலான சுருக்கங்கள் இத்தோடு ஆபத்தை முடித்துவிடுகின்றன. உண்மையான ஆபத்து ஊசியில் இல்லை. முடிவுத் தாளில் இருக்கிறது.

இரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருந்தால் என்ன ஆகும்? வெயிலில் தண்ணீர் குடிக்காமல் காலை முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்தவருக்கு அந்த அளவு தற்காலிகமாகக் கூடலாம். நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல, குறைபாடு மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். இரண்டாம் முறை இரத்தம் எடுப்பதன் காரணமும் அதுதான். இந்த ஒரு செய்தியை எளிய சொல்லில் வைக்காவிட்டால், முதல் முடிவைக் கேட்டவர் தனக்கு 'அந்த வருத்தம்' வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். சிறுநீரகச் செயலிழப்பு என்றால் டயலிசிஸ், டயலிசிஸ் என்றால் சாவு என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். மூன்று மாதம் தூக்கம் போகும். மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் அது வெளியே தெரிந்தால் பேச்சு நிற்கலாம். ஆகவே சுருக்கம் இப்படிப் போக வேண்டும்: "முதல் சோதனையில் அளவு கூடியிருந்தால், ஆய்வு வைத்தியர் உங்களைத் தனியே அழைத்து, உங்கள் மொழியில் சொல்வார். ஒரு சோதனையை வைத்து நோய் என்று சொல்ல முடியாது என்பதையும் சொல்வார். மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்போம். அப்போதும் கூடியிருந்தால், கிளினிக்குக்குக் கடிதம் தருவோம். கடிதம் உங்கள் கையில் மட்டும் கொடுக்கப்படும்." இந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு 'படும்' இருக்கிறது. அதையும் திருத்துவோம்: "கடிதத்தை ஆய்வு வைத்தியர் உங்கள் கையில் மட்டும் கொடுப்பார்."

இதை எழுதும்போதே ஒரு கேள்வி எழும். உடனே சிகிச்சை வேண்டிய அளவுக்குக் கிரியேட்டினின் கூடியிருந்தால் மூன்று மாதம் காத்திருப்பதா? இல்லை. அப்படியானால் எந்த அளவுக்கு மேல் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்புவது என்று திட்டத்தில் ஓர் எண் இருக்க வேண்டும். பல திட்டங்களில் அந்த எண் இல்லை. எளிய வாக்கியம் எழுதப் போன இடத்தில்தான் அது காணாமல் போயிருப்பது தெரியவரும்.

பணமும் ஆபத்தில் சேரும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். மாத்தளை வைத்தியசாலைக்குப் போய் வர ஒரு பேர் போகும். குறித்த கிலோ பறிக்காவிட்டால் அரைப் பேர். ஆய்வுக்கு நாற்பது நிமிடம் என்று சுருக்கம் சொன்னால், அந்த நாற்பது நிமிடம் வேலை நேரத்திலா, வேலை முடிந்தா என்று சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் என்றால் அந்த நாள் பேர் வெட்டுப்படாது என்பதற்கு நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கியாயிற்றா? கிளினிக்குக்கு அனுப்பினால் பஸ் காசும் பேரும் யார் தருவார்? 'பங்கேற்பாளர்களுக்கு நிதி இழப்பு ஏதும் ஏற்படாது' என்ற வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதன் பின்னால் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தொகை இருந்ததை அரிதாகத்தான் கண்டிருக்கிறேன்.

ஓர் ஊருக்கே வரும் ஆபத்தும் இருக்கிறது. 2011இல் ஆர்சனிக் பற்றிய முடிவுகள் செய்தித்தாளில் அடிபட்டபோது, அரிசியில் நஞ்சு என்ற பேச்சு விவசாயிகளைத் தேடி வந்தது. ஆய்வு முடிவில் ஒரு தோட்டத்தின் பெயரோ ஒரு கிராம சேவையாளர் பிரிவின் பெயரோ வந்தால், அங்கே யார் சம்மதம் தந்தார், யார் தரவில்லை என்ற வேறுபாடு இருக்காது. எல்லோரும் சேர்ந்துதான் சுமப்பார்கள். சுருக்கத்தில் எந்த அளவுவரை இடப்பெயரை வெளியிடுவோம் என்று சொல்ல வேண்டும். மாவட்டமா, பிரதேச செயலகப் பிரிவா, தோட்டமா? மாத்தளை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. 300 பேர் கொண்ட ஆய்வுக்கு அதற்குக் கீழே போக அநேகமாகத் தேவையே இராது.

மூன்றாவது தரவு. விண்ணப்பங்களில் மிக அதிகம் பிழைப்பது இங்கேதான்.

'அநாமதேயம்' என்று எழுதுகிறார்கள். பெயரை நீக்கி எண் போட்டுவிட்டு, அந்த எண் யாருடையது என்ற பட்டியலை வைத்திருந்தால் அது அநாமதேயம் அல்ல. அது குறியிட்ட தரவு. நம் எடுத்துக்காட்டில் மூன்று மாதம் கழித்து அதே ஆளிடம் போக வேண்டும், முடிவைச் சொல்ல வேண்டும். ஆகவே பட்டியல் இருந்தே தீரும். இருக்கும்போது 'பெயரே தெரியாது' என்பது உண்மையல்ல. இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. அதே சுருக்கத்தில் 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம், உங்கள் தரவை அழித்துவிடுவோம்' என்றும் இருக்கிறதா பாருங்கள். பெயர் தெரியாதென்றால் யாருடையதை அழிப்பார்கள்? இரண்டு வாக்கியமும் ஒரே பக்கத்தில் இருந்தால் ஒன்று பிழை. நேர்மையான வாக்கியம் இப்படி: "உங்கள் பெயருக்குப் பதிலாக ஓர் எண் போடுவோம். எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தலைமை ஆய்வாளர் தம் அறையில், பூட்டிய அலமாரியில் தனியே வைத்திருப்பார். கடைசி முடிவைச் சொல்லி ஆறு மாதத்தில் அதைக் கிழித்து அழிப்பார். அதுவரை நீங்கள் சொன்னால் உங்கள் தகவலையும் இரத்தத்தையும் எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு எது உங்களுடையது என்று எங்களுக்கே தெரியாது." விலகும் உரிமைக்கு ஒரு கடைசி நாள் உண்டு என்பதை இப்படிச் சொன்னால்தான் கேட்பவருக்குத் தெரியும்.

போடும் எண் எது என்பதும் முக்கியம். களத்தில் வசதிக்காகத் தோட்டச் செக்ரோல் எண்ணையே ஆய்வு எண்ணாக எழுதிவிடுவார்கள். அது தொழிலாளிக்கும் தெரியும், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். பெயரைவிட அலுவலகத்துக்கு அதுதான் நெருக்கமான அடையாளம். தேசிய அடையாள அட்டை எண்ணை எழுதுவது இன்னும் மோசம். பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதோடு 500 கூடும். 88578 என்று ஓர் எண் தொடங்கினால், அது 1988இல் 78ஆம் நாள் பிறந்த பெண். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்து எண்ணுவதால் அது மார்ச் 18. புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாகிறது, நாள் கணக்கு அப்படியே. பெயரையும் பிறந்த தேதியையும் அழித்துவிட்டு அடையாள அட்டை எண்ணை வைத்திருப்பவர், பிறந்த தேதியை அழிக்கவே இல்லை.

ஜீபிஎஸ் குறியீடு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. நான்கு தசமத்துக்கு எழுதினால் ஏறத்தாழ 11 மீற்றர் துல்லியம். வில்கமுவவில் வீட்டுக்கொரு கிணறு என்பதால் அந்த எண் ஒரு வீட்டைச் சுட்டிக்காட்டும் விரல். ரத்தோட்டைப் பக்கத்து லயத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரே பீலி. அதே துல்லியத்தில் எழுதினாலும் ஆளைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரே திட்டத்தின் ஒரே வரி விவசாயிக்குப் பெரிய ஆபத்து, தொழிலாளிக்குச் சிறியது. பகுப்பாய்வுக்கு நான்கு தசமம் வேண்டியிருக்கலாம். வெளியிடும் தரவில் இரண்டு தசமம், அதாவது ஒரு கிலோமீற்றர் அளவு போதும். சுருக்கத்தில் "உங்கள் கிணறு எந்த இடத்தில் என்று குறிப்போம். வெளியிடும்போது ஊர்ப் பக்கம் மட்டும் தெரியும், கிணறு தெரியாது" என்றால் விவசாயிக்கு விளங்கும்.

லயத்துக்கு வேறு ஆபத்து. சுவர் மெல்லியது. "கள்ளுத் தண்ணி குடிப்பீங்களா, ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று ஒரு காம்பராவில் கேட்டால் பக்கத்துக் காம்பராவில் கேட்கும். மடிக்கணினியில் கடவுச்சொல் போட்டிருப்பதால் எந்தப் பயனும் இல்லை. கேள்வி கேட்கும் இடம்தான் தரவுப் பாதுகாப்பின் முதல் பூட்டு. அதைச் சுருக்கத்தில் சொல்பவர் குறைவு. அதேபோல, நிரப்பிய சம்மதப் படிவத்தைக் கைபேசியில் படம் பிடித்து 'வாட்ஸ்அப்' குழுவில் அனுப்புவது இப்போது களப் பழக்கமாகிவிட்டது. அலமாரியைப் பூட்டினாலும் படம் பத்துக் கைபேசியில் இருக்கும். 'உதவியாளர்கள் படிவங்களைப் படம் எடுக்க மாட்டார்கள்' என்ற ஒரு வரி, பல சொற்றொடர்களைவிடப் பயன் தரும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகைத் தரவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் சட்டத்தின் பெயரைச் சுருக்கத்தில் எழுதிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடாது. 'சட்டத்துக்கமையப் பாதுகாக்கப்படும்' என்பதும் ஒரு 'படும்'தான்.

மிஞ்சிய இரத்தம் பற்றி ஒரு வரலாறு சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுப்பாய் என்ற சிறு பழங்குடி மக்களிடம், 1990இல் தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரத்தம் எடுத்தார்கள். தங்களைப் பீடித்த நீரிழிவுக்குக் காரணம் தேடுகிறார்கள் என்று மக்கள் நினைத்தார்கள். அதே இரத்தத்தை மனநோய் பற்றியும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்படுத்தியது பின்னால் தெரியவந்தது. வழக்கு நடந்து 2010இல் பல்கலைக்கழகம் 7 இலட்சம் டொலர் கொடுத்து, இரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. சம்மதப் படிவத்தில் பரந்த சொற்கள் இருந்தன, கையெழுத்தும் இருந்தது. அந்தச் சொற்கள் எதைக் குறிக்கின்றன என்பது மட்டும் மக்களிடம் போய்ச் சேரவில்லை.

நம் சுருக்கத்தில் 'மாதிரிகள் எதிர்கால ஆய்வுகளுக்குப் பயன்படுத்தப்படலாம்' என்று வழக்கமாக வரும் வாக்கியம் அதே பரந்த சொல்தான். மலையகத் தமிழரின் இரத்தம், அவர்கள் முன்னோர் தமிழகத்தின் எந்தப் பகுதியிலிருந்து வந்தார்கள் என்று தேடுபவருக்கும் பயன்படும். அதற்கு யாரும் சம்மதம் தரவில்லை. இதை இரண்டு கேள்வியாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியே 'ஆம், இல்லை' வைக்கலாம். சிறுநீரக நோய் பற்றிய வேறு ஆய்வுக்கு வைத்திருக்கலாமா? வேறு எந்த ஆய்வுக்கும் வைத்திருக்கலாமா? வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த நாடு, எந்த ஆய்வுகூடம், வேலை முடிந்து அங்கே மிஞ்சியதை என்ன செய்வார்கள்? குழு அதற்கான கைமாற்று ஒப்பந்தத்தைக் கேட்கும். ஒப்பந்தத்தில் உள்ளதும் தகவல் தாளில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்க்கிற உறுப்பினர் ஒருவராவது இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 'பத்து ஆண்டு வைத்திருக்கலாம்' என்றும் தாளில் 'முடிந்ததும் அழிப்போம்' என்றும் வருவது, இரண்டையும் வேறு வேறு ஆட்கள் எழுதும் இடத்தில் எளிதாக நடக்கும்.

இந்த முறையில் எழுதினால் சுருக்கம் நீளும் என்று சொல்வார்கள். நீளும்தான். தொடக்கத்தில் பார்த்த மூன்று வாக்கியம் முக்கால் பக்கமாகும். குழுக்கள் கொடுக்கும் சொல் வரம்பு அதற்குப் போதாத இடத்தில், நோயின் வரலாறும் கருதுகோளின் பெருமையும் பேசும் பத்தியைச் சுருக்கலாம். அது திட்டத்தின் உள்ளே எப்படியும் இருக்கிறது. எல்லாவற்றையும் எளிய சொல்லில் சொல்லிவிட முடியும் என்றும் நான் நம்பவில்லை. சேமித்த இரத்தத்தில் இருபது ஆண்டு கழித்து என்ன படிக்க முடியும் என்பது ஆய்வாளருக்கே தெரியாது. அங்கே எளிய சொல் ஒன்றுதான்: "எங்களுக்குத் தெரியாது." அதை எழுதுவதைத் தடுக்கும் விதி எந்தக் குழுவிடமும் இல்லை.

முடித்த சுருக்கத்தை அனுப்பும் முன், தமிழ்த் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் எல்கடுவப் பக்கம் போய்வர வேண்டும். ஆய்வில் சேராத இரண்டு மூன்று பேரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் எந்த வரியில் "யாரு புள்ள?" என்று கேட்கிறார்களோ, அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு வர வேண்டும்.